அறுநூறாவது நாள்

2011 நவம்பர் 26 அன்று ஃபுளோரிடாவிலிருந்து செவ்வாய்க்குப் புறப்பட்ட க்யூரியாசிட்டி ஊர்தியில் ‘ராட்’ என்றொரு சிறு கருவி இருந்தது. எடை ஒன்றரைக் கிலோ. ஊர்தியின் மற்ற ஆய்வுக் கருவிகளுக்கெல்லாம் செவ்வாயில் இறங்கிய பிறகுதான் வேலை. இதை மட்டும் கிளம்பிய பத்தாவது நாளே இயக்கிவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஊர்தி அப்போது விண்கலத்தின் வெப்பக் கவசத்துக்கும் மேல்மூடிக்கும் நடுவே மடங்கிக் கிடந்தது. செவ்வாய்க்குப் போகும் மனிதரும் ஏறத்தாழ இப்படித்தான், நாலாபுறமும் ஏதோ ஒரு சுவர் இருக்கும் கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். வழி நெடுக அவர் உடலில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறும் என்பதை ஊகமாக இல்லாமல் அளந்தே சொல்ல முதன்முதலாக வாய்ப்புக் கிடைத்தது.

அளந்து வந்த விடை: ஒரு நாளைக்கு 1.84 மில்லிசீவர்ட்.

கேட்டால் பெரிய எண்ணாகத் தோன்றாது. பூமியில் நாம் ஒவ்வொருவரும் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில், ஓராண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். நாம் ஓராண்டில் வாங்குவதை அந்தக் கலத்துக்குள் இருப்பவர் ஒன்றரை நாளுக்குள் வாங்கிவிடுவார். இந்தியாவில் அணுமின் நிலையத் தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, ஐந்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். அது பதினோரு நாளில் தீர்ந்துபோகும்.

க்யூரியாசிட்டி தரையிறங்கிய பின்னும் ராட் ஓயவில்லை. செவ்வாயின் தரையில் ஒரு நாளைக்கு 0.64 மில்லிசீவர்ட் என்று காட்டியது. அங்கே காலுக்குக் கீழே ஒரு கோளே இருப்பதால் பாதி வானம் மறைந்துவிடுகிறது. மெல்லியதுதான் என்றாலும் தலைக்கு மேல் கொஞ்சம் காற்றும் இருக்கிறது. அதனால்தான் அளவு குறைந்தது.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் பயணக் கணக்கை நாமே போட்டுவிடலாம். போக 180 நாள், அங்கே 500 நாள், வர 180 நாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவ்வளவு நாள் தங்கியே ஆக வேண்டும். பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு வாகாக அமைவது 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். போகும்போதே 331 மில்லிசீவர்ட் உடலில் ஏறிவிடும். நாசா தன் வீரர்களுக்கு 2022இல் வகுத்த வாழ்நாள் வரம்பு 600. மீதி இருப்பது 269. செவ்வாய்த் தரையில் நாளுக்கு 0.64 வீதம் அது கரைய 420 நாளாகும். அதாவது பயணம் தொடங்கிய அறுநூறாவது நாளில், செவ்வாயில் நிற்கும்போதே, வாழ்நாள் முழுவதற்குமான ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது. திரும்பும் கலம் கிளம்ப இன்னும் 80 நாள் பாக்கி. அதன் பிறகு வீடு திரும்பும் வழியில் இன்னொரு 331. மொத்தம் ஏறத்தாழ 980.

இத்தனைக்கும் ராட் அளந்தது சூரியன் ஓரளவு துடிப்பாக இருந்த ஆண்டுகளில். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் இந்த எண் இன்னும் கூடும். அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், நாம் ஏன் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்? நமக்கு இரண்டு காப்பு. ஒன்று காற்று. தலைக்கு மேலே இருக்கும் வளிமண்டலம் முழுவதையும் எடைபோட்டால் பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். இன்னொன்று பூமியின் காந்தப்புலம். மின்னூட்டம் உள்ள துகள் எதுவாக இருந்தாலும் அதன் பாதையை இது வளைத்துவிடும். துருவங்களில் இந்தக் காப்பு பலவீனம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பக்கத்தில் பலம். ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. மிக அதிக ஆற்றல் உள்ள துகள்கள்தான் காந்தப்புலத்தைத் தாண்டி அந்த இடத்துக்கு வர முடியும். 2015 ஜூன் 22 அன்று அங்குள்ள கிரேப்ஸ்-3 கருவியில் சுமார் இரண்டு மணி நேரம் துகள் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. சூரியனிலிருந்து வந்த வாயுமேகம் ஒன்று மோதிப் பூமியின் காந்தக் காப்பைச் சற்று நேரம் தளர்த்திவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சாதாரண நாளில் அந்தக் காப்பு எவ்வளவைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அப்படித் தளரும்போதுதான் தெரிகிறது.

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. காற்றின் காப்பு அங்கே கிடையாது. காந்தப்புலத்தின் காப்பு உண்டு. 2025இல் நம் சுபான்ஷு சுக்லா போய்த் தங்கியதும் அங்கேதான். நிலவுக்கோ செவ்வாய்க்கோ கிளம்பினால் அதுவும் போய்விடும். அப்போலோ காலத்தில் அந்த எல்லையைத் தாண்டிப் போனவர்கள் மொத்தம் 24 பேர். அவர்களின் பயணங்களில் நீண்டதே பன்னிரண்டரை நாள்தான்.

எல்லைக்கு வெளியே காத்திருக்கும் ஆபத்து இரண்டு வகை. ஒன்று சூரியன் அவ்வப்போது வீசும் துகள் புயல். மற்றொன்று விண்மீன் வெடிப்புகளில் வேகம் பெற்று எல்லாத் திசைகளிலிருந்தும் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும் காஸ்மிக் கதிர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தடம் மாறிவிடுகிறது. சூரியப்புயல் உடனே கொல்லக்கூடியது. ஆனால் சுவருக்குக் கட்டுப்படும். காஸ்மிக் கதிர் உடனே எதுவும் செய்யாது, சுவருக்கும் கட்டுப்படாது.

சூரியப்புயலுக்கு 1972 ஆகஸ்டு நல்ல உதாரணம். அந்த ஆண்டு ஏப்ரலில் அப்போலோ 16 நிலவிலிருந்து திரும்பியிருந்தது. அப்போலோ 17 கிளம்பியது டிசம்பரில். நடுவே ஆகஸ்டு 4 அன்று சூரியன் பெரிதாக வெடித்தது. அதன் வாயுமேகம் பதினைந்து மணி நேரத்துக்குள் பூமியை அடைந்தது. வழக்கமாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வட வியட்நாமின் ஹோன் லா அருகே கடலில் அமெரிக்கா போட்டுவைத்திருந்த காந்தக் கண்ணிவெடிகள் கப்பல் எதுவும் வராமலே வெடித்தன. அன்று நிலவில் யாரும் இல்லை. இருந்திருந்தால்? விண்வெளி உடையோடு வெளியே நடந்துகொண்டிருந்தவருக்கு 4,000 மில்லிசீவர்ட் வரை ஏறியிருக்கலாம் என்று நாசாவின் கதிர்வீச்சு வல்லுநர் ஃபிரான்சிஸ் குசினோட்டா பின்னாளில் மதிப்பிட்டார். எலும்பு மஜ்ஜை செயலிழந்து, சிகிச்சை கிடைக்காவிட்டால் சாகும் அளவு இது. அதே ஆள் அப்போலோ கலத்துக்குள் இருந்திருந்தால் 350க்கும் கீழே.

உடைக்கும் கலச் சுவருக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். சூரியத் துகள்களில் பெரும்பாலானவை சாதாரண ஆற்றல் கொண்ட புரோட்டான்கள். வழியில் கொஞ்சம் பொருள் இருந்தால் அதிலேயே நின்றுவிடும். ஆகவே இதற்கு வழி தெரியும்: எச்சரிக்கை வந்ததும் உள்ளே ஓடி, கலத்தின் நடுப்பகுதியில் ஒடுங்கி, தண்ணீர்ப் பை, உணவுப் பை, மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் சுற்றிலும் அடுக்கிக்கொண்டு ஓரிரு நாள் கிடப்பது. நிலவுக்கான ஓரியன் கலத்தில் உண்மையிலேயே திட்டம் இதுதான். தனிக் கவசம் எதுவும் கொண்டுபோவதில்லை. எப்படியும் கொண்டுபோக வேண்டிய சாமான்களே கவசம். எனக்கு இந்தச் சிக்கனம் பிடித்திருக்கிறது.

எச்சரிக்கை வர வேண்டுமே, அதுதான் சிக்கல். 2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்ததே, நினைவிருக்கும். அந்தப் புயலை எழுப்பிய சூரியப் புள்ளிக் கூட்டம், சூரியன் தன்னைத்தானே சுற்றும்போது நம் பார்வையிலிருந்து விலகி மறுபக்கம் போய்விட்டது. நாம் அதை மறந்தும் போனோம். பத்து நாள் கழித்து, மே 20 அன்று, அது மறுபடி வெடித்தது. இந்த முறை அது செவ்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. செவ்வாய்த் தரையில் ராட் அதுவரை காணாத அளவுக்கு எகிறியது. ஏறத்தாழ ஒரு மாதத்துக் கதிர்வீச்சு ஒரே வீச்சில் வந்தது. மார்பு எக்ஸ்ரே முப்பது எடுத்தாற்போல. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் செவ்வாய்ப் பயணிகள் சூரியனின் எந்த முகத்தை எதிர்கொள்வார்களோ, அது பல மாதங்கள் பூமியிலிருந்து தெரியாது. அதனால்தான் பெர்சவரன்ஸ் ஊர்தியின் கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பி, அங்கிருந்தபடியே புள்ளிகளைப் பார்த்துவருகிறார்கள்.

இப்போது காஸ்மிக் கதிர். க்யூரியாசிட்டி போகும் வழியில் ஐந்து சூரிய வெடிப்புகளின் துகள்கள் அதைத் தொட்டன. ஐந்தும் சேர்ந்து மொத்த அளவில் தந்த பங்கு சுமார் 5 விழுக்காடுதான். மீதி முழுக்க இந்தக் கதிரின் வேலை.

இதில் நூற்றுக்கு 87 புரோட்டான், 12 ஹீலியம் அணுக்கரு. மிஞ்சிய ஒன்றுதான் வில்லன்: கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன், இரும்பு போன்றவற்றின் கனமான அணுக்கருக்கள். ஒரு துகள் தன் வழியில் உண்டாக்கும் சேதம் அதன் மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரும்பின் மின்னூட்டம் 26. எனவே ஒரே வேகத்தில் போகும் புரோட்டானைவிட இரும்பு அணுக்கரு 676 மடங்கு சேதம் செய்துகொண்டு போகும். ஒரு கிலோ மணலைத் தலையில் தூவினால் தட்டிவிட்டுப் போய்விடலாம். அதே ஒரு கிலோவைக் கல்லாகப் போட்டால் மண்டை உடையும். சாதாரணக் கதிர்வீச்சு டிஎன்ஏவை அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுக்கும். செல் அதை ஒட்டிக்கொள்ளும். கனமான அணுக்கரு ஒரே கோட்டில் நெருக்க நெருக்கமாக அறுத்துவிட்டுப் போகிறது. எந்த முனை எதோடு சேர வேண்டும் என்பது செல்லுக்குப் பிடிபடாமல் போகிறது. காந்தக் காப்புக்கு வெளியே நம் உடலின் ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் மூன்று நாளுக்கு ஒரு புரோட்டானும், சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படிப்பட்ட கனமான ஒன்றும் துளைத்துப் போகும் என்பது கணிப்பு.

இதை அப்போலோ வீரர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அப்போலோ 11இல் ஆல்ட்ரின், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதும் ஒளிப்பொட்டுகள் மின்னியதாகச் சொன்னார். பின்னால் போனவர்களும் சொன்னார்கள். காஸ்மிக் துகள் விழிக்குள் புகுந்து போகும்போது உண்டாகும் மினுக்கம் அது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது.

“தடித்த சுவர் கட்டினால் போயிற்று” என்று தோன்றும். இங்கேதான் இயற்பியல் இடக்குச் செய்கிறது. இந்தத் துகள்களின் ஆற்றல் மிக அதிகம். விண்கலத்தின் அலுமினியச் சுவரால் அவற்றை நிறுத்த முடியாது. சுவரின் அணுக்களோடு மோதினால் இரண்டும் சிதறி, நியூட்ரானும் வேறு சில்லுகளுமாகப் பல துகள்கள் உள்ளே வருகின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு அலுமினியத்தைக் கூட்டக் கூட்டப் பயன் மிகச் சொற்பம். சில சமயம் கெடுதல். ஹைட்ரஜன் நிறைந்த பொருள்கள், அதாவது தண்ணீரும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும், இதைவிடத் தேவலை. அவற்றில் சிதறல் குறைவு.

சரி, தண்ணீரே சுவராகட்டும். நான்கு மீட்டர் விட்டமும் எட்டு மீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளை அறை. நான்கைந்து பேர் இரண்டரை ஆண்டு வாழ இது தாராளமான இடம் அல்ல. அதைச் சுற்றி ஒரு மீட்டர் தடிப்புக்குத் தண்ணீர் வைத்தால் எடை சுமார் 180 டன். நாசாவின் எஸ்எல்எஸ் ராக்கெட்டின் முதல் வடிவம் நிலவை நோக்கி அனுப்பக்கூடிய எடை 27 டன். அதுவும் நம் வளிமண்டலத்தின் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தண்ணீர் ஈடாகாது. கலத்தைச் சுற்றிச் செயற்கைக் காந்தப்புலம் அமைக்கலாம் என்பார்கள். காகிதத்தில் அழகாக இருக்கிறது; அதற்கான மீக்கடத்திச் சுருளும் குளிரூட்டியும் மின்சாரமும் இன்னொரு கலத்தின் எடைக்கு வந்துவிடும்.

விசித்திரமாக, இந்த விஷயத்தில் நமக்கு உதவுவது சூரியன்தான். சூரியன் துடிப்பாக இருக்கும் ஆண்டுகளில் அதன் காந்தப்புலம் கோள்மண்டலம் எங்கும் வலுத்து, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரை ஏறத்தாழப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். சூரியன் அடங்கினால் காஸ்மிக் கதிர் கூடும். ராட்டின் அளவைவிடக் கூடுதலாகவும் வரலாம் என்று சொன்னது இதனால்தான். ஆகவே புயல் அடிக்கும் காலத்தில் கிளம்புவதே மேல். புயலுக்கு ஒளிய இடம் உண்டு.

600 என்ற வரம்பு எப்படி வந்தது? அந்த அளவு கதிர்வீச்சால், புற்றுநோயில் சாகும் வாய்ப்பு சராசரியாக 3 விழுக்காடு கூடும் என்பது நாசாவின் கணக்கு. மிகப் பாதிக்கப்படக்கூடியவர் என்று 35 வயதுப் பெண்ணை வைத்துக் கணக்கிட்டு, அதையே ஆண் பெண் எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். அதற்கு முன் வயதையும் பாலினத்தையும் பார்த்து வரம்பு மாறியது; பெண்களுக்குக் குறைவு, அதனால் வாய்ப்பும் குறைவு. ஐரோப்பாவும் ரஷ்யாவும் தம் வீரர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 1,000. ஒரே கலத்தில் போனால் அமெரிக்கர் சட்டத்தை மீறியவராகவும், பக்கத்தில் இருக்கும் ரஷ்யர் மீறாதவராகவும் திரும்புவார்கள். கதிருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. 1.84 என்பது கருவி நேரடியாகக் காட்டிய எண் அல்ல. கருவி அளந்தது உடல் எடை ஒரு கிலோவில் இறங்கும் ஆற்றலை. அது நாளுக்கு 0.48 மில்லிகிரே. அந்தக் கதிரில் எவ்வளவு மணல், எவ்வளவு கல் என்று பார்த்து 3.82 ஆல் பெருக்கினார்கள், 1.84 மில்லிசீவர்ட் வந்தது. ஆற்றலை அளந்ததில் பெரிய சந்தேகம் இல்லை. பெருக்கும் எண் மனித உடலில் உண்மையில் எவ்வளவு பொருந்தும் என்பதில்தான் சந்தேகமே. புற்றுநோய்க் கணக்குக்கு அடிப்படை ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களின் பதிவுகள். அவர்கள் பெற்றது பெரும்பாலும் காமா கதிர், அதுவும் ஒரே கணத்தில். செவ்வாய்ப் பயணி பெறப்போவது கனமான அணுக்கருக்கள், துளித்துளியாக, இரண்டரை ஆண்டு.

புற்றுநோயோடு முடிவதும் இல்லை. கண்புரை வருகிறது, வீரர்களிடம் இது புள்ளிவிவரமாகவே தெரிந்துவிட்டது. மூளையைப் பற்றி 2015இல் கலிஃபோர்னியாவின் சார்லஸ் லிமோலி குழு எலிகளில் சோதித்தது. நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உள்ள முடுக்கியில் கனமான அணுக்கருக்களை எலிகள் மேல் செலுத்தினார்கள். சில வாரம் கழித்து நரம்புசெல்களின் கிளைகள் மெலிந்திருந்தன. பழகிய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் வித்தியாசம் தெரியாமல் எலிகள் திணறின. கலத்தை ஓட்டுபவருக்கு வழியிலேயே இப்படி ஆனால் என்ன செய்வது என்ற பயம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் அந்த எலிகள் மாதக்கணக்கில் பெற வேண்டியதைச் சில நிமிடங்களில் பெற்றவை. எலியும் மனிதன் அல்ல. இந்தக் குறையைப் போக்கத்தான் அதே ஆய்வகத்தில் இப்போது 33 வகைக் கற்றைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, விண்வெளிக் கலவையைப் போலவே அமைத்துச் சோதிக்கிறார்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் சுவரைவிடக் காலம்தான் நம் கையில் உள்ள கருவி என்று எனக்குத் தோன்றுகிறது. போக 180 நாளை 90 ஆகக் குறைக்கும் ராக்கெட் வந்தால், போக வர 331 மிச்சம். எந்தத் தண்ணீர்ச் சுவரும் அவ்வளவு மிச்சப்படுத்தாது. அப்போதும் தங்கும் நாள்களைச் சேர்த்தால் மொத்தம் 650ஐத் தாண்டும். செவ்வாய் மண்ணை அள்ளி வீட்டின் மேல் இரண்டு மூன்று மீட்டர் குவித்தால்தான் வரம்புக்குள் வரலாம். இன்றைய ராக்கெட்டில், இன்றைய விதிப்படி, நாசாவே தன் வீரரைச் செவ்வாய்க்கு அனுப்ப முடியாது. அனுப்புவதென்றால் விதிவிலக்குக் கொடுத்து, ஆபத்தை விளக்கி, சம்மதம் பெற்றுத்தான் அனுப்ப வேண்டும்.

நமக்கும் இந்தக் கணக்கு தூரத்தில் இல்லை. 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்குவதாக அறிவித்திருக்கிறோம். சீனாவின் சாங்-இ 4 கலம் 2019இல் நிலவின் தரையில் அளந்தது நாளுக்கு 1.37 மில்லிசீவர்ட். இரண்டு வாரம் இருந்தால் ஓர் அணுமின் தொழிலாளியின் ஓராண்டு அளவு. நம் வீரர்களுக்கு வாழ்நாள் வரம்பு எவ்வளவு, தாண்டினால் பிற்கால மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதை ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எழுதி, எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டுவிட வேண்டும்.